210 பார் ஏற்றிய லோடுக்கு 9.640 டன் பணம்: எங்கே போனது மிச்சம்?

*வணக்கம் சார். மண்டபம் பக்கம் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். சாயல்குடி பக்கம் ஒரு மீன் பதனிடும் கம்பெனிக்கு ஆறு மாதமாக லோடு போகிறது. அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில், 10 டன், டன்னுக்கு 2,200 ரூபாய். வழியில் உருகுமே என்று பத்து ஐஸ் பார் கூடவே வைத்து, 50 கிலோ பார் 210 ஏற்றினேன். கேட்டில் சலானுக்கு சீல் போட்டு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். பார் 110 ரூபாய் என்று 210 பாருக்கு வண்டியோடவே பில்லும் அனுப்பினேன். இப்போது "பி.ஓ., சலான், பில் மூன்றும் ஒத்துப்போகவில்லை, பில் பிளாக்கில் இருக்கிறது" என்கிறார்கள். வந்தது 9,820 கிலோ, அதில் துருக்கறை என்று 180 கிலோ ரிஜெக்ட், ஏற்றது 9,640 கிலோ என்று ஒரு மெயில் வந்தது. கிளம்பும்போது இங்கே எடைமேடையில் போட்ட சீட்டில் 10,190 கிலோ இருக்கிறது. ஐஸ் உருகும் என்று விளக்கி இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். அவர்களுக்கு என்னதான் வேண்டும்?*
— ஐஸ் ஃபேக்டரி உரிமையாளர், மண்டபம்

ஐயா, அந்த கேட் சீலிலிருந்து தொடங்குகிறேன். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. "210 பார் வாங்கிக்கொண்டோம்" என்று நீங்கள் அதைப் படிக்கிறீர்கள். கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு அதன் பொருள், இந்த நம்பர் வண்டி இந்த நேரத்துக்கு உள்ளே வந்தது என்பது மட்டும்தான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி தார்ப்பாயை விலக்கி பாரை எண்ணுவதில்லை. எண்ணவும் முடியாது. உங்கள் சலானை எடுத்து சீலை ஒரு முறை உற்றுப் பாருங்கள். "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்க நிறைய வாய்ப்புண்டு.

சரக்கை வாங்கிக்கொண்டதற்கான சாட்சி அதற்குப் பிறகுதான் உருவாகிறது. வண்டி எடைமேடை ஏறும், ஐஸ் இறங்கும், தரம் பார்ப்பவர் வந்து பார்ப்பார், காலி வண்டி மறுபடி மேடை ஏறும். அதன்பின் ஸ்டோர்ஸ்காரர் கணினியில் ஒரு பதிவு போடுவார். அதைத்தான் ஜி.ஆர்.என். என்கிறார்கள், சரக்கு வரவுப் பதிவு. வந்தது எவ்வளவு, தள்ளியது எவ்வளவு, ஏற்றது எவ்வளவு என்று மூன்று எண் அதில் இருக்கும். பில்லைப் பாஸ் செய்யும் பிரிவு, அதாவது பேயபிள்ஸ், ஒப்பிடுவது பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் ஆகிய மூன்றைத்தான். உங்கள் சலான் அந்த மூன்றில் ஒன்று என்று எல்லோரும் பேச்சுவாக்கில் சொல்வார்கள், ஆனால் நடைமுறையில் அது ஸ்டோர்ஸ்காரருக்கு வழிகாட்டும் சீட்டு. எந்த பி.ஓ.வுக்கு வந்த வண்டி என்று கண்டுபிடிக்க அது உதவும். பணத்தை முடிவு செய்யாது.

நான் பல வருஷம் அந்தப் பேயபிள்ஸ் மேசையில் உட்கார்ந்தவன். உங்கள் பில் அங்கே எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பி.ஓ.வில் `10.000 MTS` என்று இருக்கும். ஜி.ஆர்.என்.னில் `9.640 MTS`. உங்கள் பில்லில் `210 NOS`. ஆர்டர் பத்து, வந்தது ஒன்பது சொச்சம், கேட்பது இருநூற்றுப் பத்து. இதைத்தான் கணினி பார்க்கிறது. ஒரு பார் 50 கிலோ என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. விலையும் அப்படியே, ஒரு பக்கம் 2,200, மறுபக்கம் 110. பாருக்கு 110 ரூபாயும் டன்னுக்கு 2,200 ரூபாயும் ஒரே விலைதான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கணினிக்கு அளவு, விலை இரண்டும் இடிக்கிறது. பில் தானாகவே பிளாக்குக்குப் போய்விடும். இதில் உங்கள் மேல் யாருக்கும் சந்தேகமோ கோபமோ இல்லை. ஐஸ் உருகும் என்ற உங்கள் கடிதத்துக்குப் பதில் வராததற்கும் இதுவே காரணம். பில்லைப் பார்ப்பவர் திரையில் உருகுதல் என்று ஒரு கட்டம் கிடையாது.

அலகைச் சரிசெய்துவிட்டாலும் வித்தியாசம் முழுதாகப் போகாது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். நல்ல வேளையாக நீங்கள் இங்கேயே எடை போட்ட சீட்டை வைத்திருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே போட்டிருக்க முடியாது.

210 பாரும் முழுசாக 50 கிலோ என்றால் 10,500 கிலோ. மண்டபத்தில் கிளம்பியது 10,190. அங்கே போய்ச் சேர்ந்தது 9,820. ஏற்றது 9,640. ஆக மொத்தம் 860 கிலோ குறைவு. நீங்கள் அத்தனையையும் உருகியது என்று எழுதியிருக்கிறீர்கள். உருகியது அதில் 370 கிலோதான்.

முதல் 310 கிலோ வண்டியில் ஏறவே இல்லை. பாருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. இதற்குக் காரணம் உங்கள் ஃபேக்டரிக்குள் இருக்கிறது. கேனில் தண்ணீர் மட்டம் குறைவாக விட்டிருக்கலாம். அவசரத்துக்கு உப்புநீர்த் தொட்டியிலிருந்து கேனைச் சீக்கிரம் தூக்கியிருக்கலாம். அப்படித் தூக்கினால் பாரின் நடுவில் உறையாத தண்ணீர் நின்று, உடைந்ததும் வழிந்துவிடும், நடுவில் ஒரு குழாய் மாதிரி ஓட்டை தெரியும். கேனிலிருந்து பாரைக் கழற்ற நீரில் முக்கும்போது அதிக நேரம் விட்டாலும் மேல்தோல் கரையும். ஒரு நாள் காலையில் பத்துப் பாரை எடுத்து தராசில் வைத்துப் பாருங்கள், எது என்று பிடிபட்டுவிடும். இந்த 310 கிலோவுக்கு எந்தக் கம்பெனியிடமும் பணம் கேட்க முடியாது. பார் என்ற கணக்கில் பில் போட்டால் இது கண்ணில் படாது, எடையில் போட்டால் உடனே படும். சில கம்பெனிகள் ஐஸை டன்னில்தான் வாங்குவோம் என்று பிடிவாதமாக இருப்பதும் இதற்காகத்தான்.

அடுத்த 370 கிலோதான் கீழக்கரை, ஏர்வாடி தாண்டிப் போன ரோட்டிலும், கேட்டில் வண்டி காத்துக் கிடந்த நேரத்திலும் உருகியது. இதை யார் தாங்குவது என்பதற்கு ஐஸ் பதில் சொல்லாது, பி.ஓ. சொல்லும். உங்கள் பி.ஓ.வில் ஒப்படைக்கும் இடம் என்று ஒரு வரி இருக்கும். அவர்களுடைய மீன் ஆலையில் ஒப்படைப்பு என்று இருந்தால், ரோட்டில் உருகியது உங்களுடையது. உங்கள் ஃபேக்டரியில் ஒப்படைப்பு, அங்கே போடும் எடையே கணக்கு என்று இருந்தால் 10,190 கிலோ சீட்டு உங்கள் பக்கம் பேசும். அப்போது ஸ்டோர்ஸில் போட்ட வந்த எடை தவறு, ஜி.ஆர்.என்.னைத் திருத்தக் கேட்கலாம். வண்டி உங்களுடையது, டீசல் உங்களுடையது என்பதால் முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த வரியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் வகை என்றால் பத்துப் பார் கூட வைத்ததை ஈடு என்று நினைக்க வேண்டாம். கூட வைத்த பார் எடையில் சேர்ந்து வந்தது, அதற்கும் பணம் உண்டு. உருகுவதற்கான ஈட்டை விலையில்தான் கேட்க வேண்டும். ஏற்றிய 10,190 கிலோவுக்கும் நீங்கள் நினைத்த 2,200 ரூபாய் கைக்கு வர வேண்டுமென்றால், இறக்கிய 9,820 கிலோவுக்கு டன் விலை 2,283 ரூபாய் ஆக வேண்டும். அதாவது டன்னுக்கு 83 ரூபாய் கூடுதல். உருகுது, உருகுது என்று சொல்வதைவிட, நான்கைந்து லோடுகளின் இரண்டு எடைச்சீட்டுகளையும் பின் அடித்து, 83 ரூபாய் என்று எழுதி பர்ச்சேஸ் பிரிவில் வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். இந்தப் பேச்சைப் பேயபிள்ஸில் பேசிப் பயனில்லை. பி.ஓ.வில் ஒரு எழுத்தை மாற்றக்கூட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆர்டர் போடுபவர், சரக்கு எடுப்பவர், பணம் கொடுப்பவர் மூன்று பேரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப் பிரித்திருக்கிறார்கள்.

கடைசி 180 கிலோ துருக்கறை. இதில் நீங்கள் வாதாடாமல் கேனைப் பாருங்கள். கேனின் துத்தநாகப் பூச்சு தேய்ந்து இரும்பு தெரிந்தால் பாரின் ஓரத்தில் பழுப்பாகக் கோடு விழும். ஏற்றுமதி செய்யும் ஆலையில் மீனைத் தொடும் ஐஸ் குடிநீர்த் தரமுள்ள தண்ணீரில் செய்து, சுத்தமாக வைத்ததாக இருக்க வேண்டும். அந்தக் கறையைக் கண்டும் ஏற்றுக்கொண்டால் தரம் பார்த்தவர் வேலைக்கே ஆபத்து. ஆனால் ஒன்று கேட்டு வாங்குங்கள், ரிஜெக்ஷன் குறிப்பின் நகல். எத்தனை கிலோ, என்ன காரணம், யார் பார்த்தது என்று அதில் இருக்க வேண்டும். திருப்பி ஏற்றிவிடுகிறார்களா, அங்கேயே கொட்டிவிடுகிறார்களா என்றும் இருக்க வேண்டும். டிரைவர் கையில் அது வராமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்போது நிற்கும் பில்லுக்கு வருகிறேன். ஒப்படைப்பு ஆலையில் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். ஏற்ற 9.640 டன், டன் 2,200 வீதம் 21,208 ரூபாய். ஐஸுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 1,060 ரூபாய் 40 காசு. மொத்தம் 22,268.40. உங்கள் பில் 23,100 ரூபாயும் வரியும் சேர்த்து 24,255. வித்தியாசம் 1,986.60. அதில் சரக்கின் மதிப்பு 1,892, வரி 94.60.

"அந்த இரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்" என்று நீங்கள் போனில் சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களால் முடியாததற்குக் காரணம் அந்த 94 ரூபாய் 60 காசு. நீங்கள் ரிட்டர்ன் போட்டவுடன் 24,255 ரூபாய் பில் அவர்களுடைய `GSTR-2B`-யில், அதாவது அவர்கள் எடுக்கக்கூடிய வரியைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியலில், முழுசாக வந்து உட்காரும். பணம் குறைத்துக் கொடுத்து வரியை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டால் நாளைக்கு ஆடிட்டில் அவர்கள் மாட்டுவார்கள். அதனால் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு காகிதம் வேண்டும்.

எந்தக் காகிதம் என்பது, அந்த மாதத்து விற்பனை ரிட்டர்ன் `GSTR-1` தாக்கல் ஆகிவிட்டதா என்பதைப் பொறுத்தது. ஆகவில்லை, அவர்களும் பில்லைக் கணக்கில் ஏற்றவில்லை என்றால், பழைய பில்லை ரத்து செய்து டன் கணக்கில் புதிதாகப் போட்டுக் கொடுப்பது சுலபம். போன மாதத்து பில் என்றால் பெரும்பாலும் தாக்கல் ஆகியிருக்கும். அப்படியானால் 1,892 ரூபாய்க்கும் அதன் வரி 94.60-க்கும் ஒரு கிரெடிட் நோட் போடுங்கள். அதில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். பில்லின் மேல் பேனாவால் அடித்துத் திருத்தி கையெழுத்துப் போட்டு மட்டும் அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வீர்கள், அது இன்னொரு பிளாக்குக்குத்தான் வழி.

கூடவே அனுப்பும் கடிதம் இவ்வளவு போதும்:

"ஐயா, மேற்கண்ட எங்கள் பில் 210 பார் என்று எண்ணிக்கையில் போடப்பட்டுள்ளது. உங்கள் பி.ஓ. டன்னில் உள்ளது. உங்கள் ஜி.ஆர்.என்.படி ஏற்ற அளவு 9.640 டன். டன் 2,200 ரூபாய் வீதம் 21,208, வரி 1,060.40, மொத்தம் 22,268.40 ரூபாய். வித்தியாசத் தொகை 1,986.60 ரூபாய்க்கு கிரெடிட் நோட் இணைத்துள்ளேன். 180 கிலோ ரிஜெக்ஷன் குறிப்பின் நகலை அனுப்பவும். பில்லை விடுவித்து, பணம் வரும் தேதியைத் தெரிவிக்கவும்."

கடிதத்தின் தலைப்பில் பில் எண், பி.ஓ. எண், ஜி.ஆர்.என். எண் மூன்றையும் எழுதுங்கள். பில்லைத் திறப்பவர் தட்டித் தேடுவது அந்த எண்களைத்தான். நீங்கள் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களிலும் ஜி.ஆர்.என். எண் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதைத் தள்ளிப்போடாமல் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஐஸ் உற்பத்தி செய்பவர். உதயம் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் உங்கள் பணத்துக்குக் கெடு வைக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். ஆனால் அந்த நாள் எதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் கம்பெனி எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிட்டால், அந்த ஆட்சேபத்தை நீங்கள் தீர்த்த நாளிலிருந்துதான் ஓடும். 180 கிலோ பற்றி வந்த மெயில் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். 15 நாளுக்குள் என்றால், நீங்கள் பதில் கொடுக்காத ஒவ்வொரு நாளும் அவர்களுக்குச் சாதகமாகப் போகிறது. அதற்குப் பிறகு வந்தது என்றால், இறக்கிய நாளே கணக்கு. உதயம் எண்ணை இனிமேல் எல்லா பில்லிலும் அச்சடித்துவிடுங்கள்.

அடுத்த லோடுக்கு ஒரு விஷயம். அந்த பி.ஓ.வில் இப்போது 0.360 டன் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. பழைய எண்ணையே போட்டு அடுத்த 10 டன்னை அனுப்பினால், 360 கிலோவுக்கு மேல் அதில் பதிவு ஏறாது, அந்த பில்லும் நிற்கும். பழைய பி.ஓ.வை முடித்துவிட்டு புது எண் கொடுக்கச் சொல்லி பர்ச்சேஸில் கேட்டு, எண் கைக்கு வந்த பிறகு லோடு ஏற்றுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், லோடு குறையும். தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போனால் தினமும் ஐஸ் கேட்பார்கள், அந்த அவசரத்தில் பி.ஓ. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. புது எண்ணை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது.

பில்லையும் வண்டியோடு அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இதுதான் என் முக்கியமான யோசனை. வண்டியோடு சலான் மட்டும் போகட்டும். அதில் "210 பார், மண்டபம் எடை 10,190 கிலோ" என்று இரண்டையும் எழுதி, எடைச்சீட்டைப் பின் அடித்துவிடுங்கள். டிரைவர் திரும்பும்போது அவர்களுடைய எடைச்சீட்டின் நகலைக் கொண்டுவரட்டும். அதில் காலி வண்டி எடை அதே நாளில், ஐஸ் இறக்கிய பிறகு போட்டதா என்று நேரத்தைப் பாருங்கள். பழைய எடையை எடுத்துப் போட்டிருந்தால் உடனே கேளுங்கள், மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எடைமேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும் என்பதால் பத்து, இருபது கிலோ வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டாம். அந்தச் சீட்டில் உள்ள எடையை வைத்து, ரிஜெக்ட் போக மிச்சத்துக்கு, டன் கணக்கில், ஒரு ஜி.ஆர்.என்.னுக்கு ஒரு பில் என்று மறுநாள் அனுப்புங்கள். ஒரு நாள் தாமதமாகப் போகும் பில் முதல் பார்வையிலேயே பாஸாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், என் மேசையில் நடந்தது. ஒரு ஐஸ் சப்ளையரின் சலான் வந்தது, ஐஸ் தண்ணீரில் ஊறிக் கூழாகி, ஓரம் கிழிந்து. ஜெல் பேனாவில் எழுதிய 210 பரவி 270 மாதிரி தெரிந்தது. ஸ்டோர்ஸில் அப்படியே 270 என்று ஏற்றிவிட்டார்கள். அறுபது பார் குறைகிறதென்று கணினி கத்தியது. அந்த மனிதர் இரண்டு வாரம் அலைந்தார், கடைசியில் அவரிடமிருந்த காய்ந்த கார்பன் நகலைப் பார்த்துத்தான் எங்களுக்கே புரிந்தது. பால்பாயிண்ட் பேனாவில், "210 (இருநூற்றுப் பத்து)" என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, சலானைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கார்பன் நகல் ஃபேக்டரியிலேயே இருக்கட்டும்.